ஒன்பதரை, பத்தரை

2018 ஆகஸ்ட்டில் என் ஜாதகமும் அவர் ஜாதகமும் பொருந்தியதாக ஜோசியர் சொன்னார். பையன் கனடாவில், டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஊர் மதுரை. லீவு பொங்கலுக்குத்தான். அதுவரை நேரில் பெண் பார்க்க வழியில்லை. "ரெண்டு பேரும் பேசிப் பாருங்க, பிடிச்சிருந்தா தையில முடிவு பண்ணிக்கலாம்" என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். ஆக, பட்டுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுத்துக்கொண்டிருந்த நானும் அவரும் ஐந்து மாதம் போனிலேயே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குப் பயம் இருந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் மெல்போர்னில் இருந்த ஒரு வரனோடு பேசத் தொடங்கி, மூன்றே வாரத்தில் அந்தப் பேச்சு தானாக நின்றுபோயிருந்தது. சண்டை இல்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஒருநாள் அவர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டிருந்தார், நான் மறுநாள் "ம், நீங்க?" என்று போட்டேன், அவர் அதற்கு மறுநாள் "ம்" என்றார். அதோடு சரி. நான்கரை மணி நேர வித்தியாசத்திலேயே ஒரு பேச்சைக் காப்பாற்ற முடியாதவள், ஒன்பதரை மணி நேரத்தில் எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தேன்.

அந்தக் கணக்கு தப்பு என்பது கொஞ்ச நாளிலேயே புரிந்தது. ஏப்ரலில் மெல்போர்ன் நமக்கு நான்கரை மணி நேரம் முன்னால் போகிறது. நான் காலை ஆறு மணிக்குக் காபியோடு உட்காரும்போது அங்கே பத்தரை, அவர் ஆபீசில் இருப்பார். நான் பள்ளியிலிருந்து ஐந்தேகாலுக்கு வந்து முகம் கழுவும்போது அங்கே பத்து மணி ஆகப் போகிறது. ராத்திரி எட்டு மணிக்கு விடைத்தாள் திருத்தி முடித்துப் போனை எடுத்தால் அங்கே பன்னிரண்டரை. என்னுடைய ஓய்வு நேரம் முழுக்க அவருடைய தூக்கத்திலோ வேலையிலோ போய் விழுந்தது. டொராண்டோ அப்படி இல்லை. கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. என் காலை ஆறு மணி அவருக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை. அவர் சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி உட்கார்ந்திருப்பார். என் ராத்திரி ஒன்பதரை அவருக்குப் பகல் பன்னிரண்டு, சாப்பாட்டு இடைவேளை. ஒரு நாளைக்கு இரண்டு முறை இருவருடைய ஓய்வும் ஒரே நேரத்தில் வந்தது. எத்தனை மணி நேரம் வித்தியாசம் என்பது பெரிதில்லை, அவரவர் ஓய்வு எங்கே போய் விழுகிறது என்பதுதான் விஷயம். வெளிநாட்டு வரன் என்றவுடன் "எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறவர்கள் இதையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நான் எழுதிப் பார்த்தேன். கணக்குப்பதிவியல் ஆசிரியைக்கு இரண்டு பக்கமாகக் கோடு போடுவது பழக்கம். இடது பக்கம் என் நாள், வலது பக்கம் அவர் நாள். எனக்கு ஏழு நாற்பதுக்கு ஸ்கூல் வேன். அவர் ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை ஐந்தே முக்காலுக்குத் திரும்புவார், அது எனக்கு விடியற்காலை மூன்றேகால். காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை பேசுவது, ராத்திரி ஒன்பதரைக்கு அரை மணி நேரம் எழுதுவது என்று முடிவானது. மற்ற நேரமெல்லாம் ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்குவார், இல்லாவிட்டால் வேலையில் இருப்பார்.

அந்த மற்ற நேரத்தில்தான் பேச்சு பிழைப்பதும் சாவதும் நடக்கிறது. இது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

எதிரில் இருக்கிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் அதில் பிரியம் இருக்கிறது. அதே கேள்வி எட்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும்போது பிரியம் வடிந்து கேள்வி மட்டும் நிற்கிறது. எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. குட் மார்னிங் படமும் அப்படித்தான். என் குட் மார்னிங் அவர் படுக்கப் போகும் நேரத்தில் போய்ச் சேரும். முதல் பத்து நாள் நாங்களும் இதையே செய்தோம். மெல்போர்ன் கதை திரும்புவது போல இருந்தது.

மாற்றியது அவர்தான். ஒருநாள் நான் எழுந்தபோது கேள்வி எதுவும் இல்லை. ஒரு படமும் நான்கு வரியும் இருந்தன. தொழிற்சாலைக்கு எதிரில் இருக்கும் பஸ் ஸ்டாப், கண்ணாடிக் கூண்டு, உள்ளே யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறை. கீழே, "இது மூணு நாளா இங்கேயே இருக்கு. யாரும் எடுக்கல, யாரும் தூக்கியும் போடல. நாளைக்கும் இருக்கான்னு பாக்கணும். உங்க ஊர் பஸ் ஸ்டாண்டில ஒரு பொருள் மூணு நாள் இருக்குமா?" என்று எழுதியிருந்தார்.

அதற்கு நான் உடனே பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வேனில் போகும்போதெல்லாம் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பூக்காரம்மா தன் கூடையை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதையும், யாரும் தொடாமல் இருப்பதையும் மாலையில் எழுதினேன். எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஆறிப்போனாலும் எடுத்துச் சாப்பிடக் கூடியதாக ஒரு செய்தி இருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை அந்த மாதிரிதான்: அன்று நடந்த ஒரே ஒரு விஷயம், முழுதாக, கடைசியில் எப்போது வேண்டுமானாலும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. விடைத்தாளில் இருப்பு நிலைக் குறிப்பு சமன் ஆகாமல் போன பையன், மீதித் தொகைக்கு நேராக "வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன் மிஸ்" என்று எழுதியதை அனுப்பினேன். "அவனுக்கு எவ்வளவு மார்க் போட்டீங்க?" என்று அவர் கேட்க, அதிலிருந்து எங்கள் இருவரின் பள்ளிக்கூட நாட்கள் ஒரு வாரம் ஓடின.

எழுத நேரமில்லாத நாளில் குரலை அனுப்பினோம். அதிலும் ஓர் அளவு வைத்திருந்தோம். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போனால் அவரால் ஆலையில் கேட்க முடியாது, வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று ஒதுக்குவார், ஒதுக்கியது குவியும். நான் ஏழு நிமிஷம் பேசி அனுப்பிய ஒன்றை அவர் இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டார். அந்த இரண்டு நாளும் அந்தச் சின்ன மைக் அடையாளம் நீலமாகாமல் இருந்ததைப் பார்த்துப் பார்த்து நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

பேச்சு நன்றாக ஓடத் தொடங்கியதும் வேறொரு தொல்லை வந்தது. ஒரே சமயத்தில் நாலைந்து பேச்சு குறுக்கும் நெடுக்குமாகப் போகும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் ராத்திரி நான் அடுத்தடுத்து இரண்டு கேள்வி அனுப்பியிருந்தேன். முதலாவது, என் மனதில் பல நாளாக இருந்தது: "கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போறதுல உங்க அம்மாவுக்கு ஆட்சேபம் இருக்கா?" அதைக் கேட்ட கூச்சத்தில், பேச்சை மாற்ற இன்னொன்றும் கேட்டுவைத்தேன்: "அங்கே குளிர் ஆரம்பிச்சிருச்சா?" அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன். காலை எழுந்தால் அவரிடமிருந்து மூன்று சொல் பதில்: "ஆமாம், கொஞ்சம் இருக்கு."

அன்று காலை அவருக்கு ஓவர்டைம், பேச முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த மூன்று சொல்லோடு நான் பள்ளிக்குப் போய், நாள் முழுக்கப் பாடம் நடத்தி, ராத்திரி வரை இருந்தேன். அம்மா "ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொல்லவில்லை. ஒன்பதரைக்கு அவர் வந்தவுடன், "கொஞ்சம் ஆட்சேபம்னா என்ன ஆட்சேபம்?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் குளிரைச் சொன்னேங்க. அம்மா கேள்விய லஞ்ச்ல நிதானமா எழுதலாம்னு வச்சிருந்தேன்" என்றார். அவருடைய அம்மாவே இருபத்தெட்டு வருஷம் அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது இந்தத் தப்பு ஒரு நொடியில் திருத்தப்பட்டுவிடும். நேர இடைவெளி அதை ஒரு முழு நாளுக்கு இழுத்துவிடுகிறது. அன்றிலிருந்து எந்தக் கேள்விக்குப் பதிலோ அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அது மேலே தெரியும்படி வைத்துத்தான் பதில் எழுதுவது என்று பழகிக்கொண்டோம். இன்னொரு பழக்கமும் அப்போது வந்தது. "நாளைக்கு", "இன்னிக்கு ராத்திரி" போன்ற சொற்களை விட்டுவிட்டோம். அவருடைய வெள்ளி ராத்திரி எனக்குச் சனிக்கிழமை காலை. "நாளைக்கு அப்பாகிட்ட பேசுறேன்" என்று அவர் சொன்னால் அது யாருடைய நாளை? அதனால் "உங்க சனி காலை", "உங்க புதன் மத்தியானம்" என்று கேட்கிறவருடைய நாளை வைத்தே சொல்லுவோம். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். என் தங்கை பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "உங்க சனி, எங்க சனின்னு என்னக்கா, ஜோசியமா பேசுறீங்க?" என்றாள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் நவம்பரில் ஒருமுறை எல்லாம் தடம் புரண்டது.

நவம்பர் 5, திங்கட்கிழமை. மறுநாள் தீபாவளி. வழக்கம்போல ஆறு மணிக்கு மாடிப்படியில் போனோடு உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. ஆறேகால், ஆறரை. நான் கூப்பிட்டதற்கும் பதில் இல்லை. ஆறே முக்கால் ஆனதும் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா அதிரசத்துக்குப் பாகு வைத்திருந்தாள். பதம் பார்த்து மாவைக் கொட்டிக் கிளற ஒரு ஆள் வேண்டும், கையை எடுக்க முடியாது. போன் அறையில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஏழு மணிக்கும் ஏழு ஐந்துக்கும் இரண்டு மிஸ்டு கால். பிறகு ஒரு செய்தி: "பிஸியா இருக்கீங்க போல. பரவாயில்ல." ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு இவர் "பரவாயில்ல" என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. "எனக்கும் பரவாயில்லை" என்று அனுப்பினேன். அந்தச் சொல்லைக் குரலில் சொல்லியிருந்தால் அதில் வருத்தம் இருந்திருக்கும். எழுத்தில் அது கதவைச் சாத்தியது போலப் போய் விழுந்தது. அவர் படித்தார், பதில் போடவில்லை. அன்று ராத்திரி நான் ஒன்பதரைக்குப் பார்த்தபோதும் அவர் வரவில்லை. கோபம்தான் என்று முடிவு கட்டிப் போனை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

தீபாவளியன்று நாலரைக்கே எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. அந்த வருடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்க அனுமதி. ஆறு அடித்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும், அவர் தீபாவளி பார்த்து நான்கு வருஷம் ஆகிறது என்று முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தார். கையில் தட்டு, பின்னால் குக்கர். "இன்னும் சாப்பிடவே இல்லீங்க. மணி ஏழரைதானே ஆகுது?" என்றார்.

"ஏழரையா? எட்டரை இல்லையா?"

இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர், "ஐயோ, ஞாயித்துக்கிழமை டைம் மாத்தினாங்களே" என்றார்.

கனடாவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுக்கிறார்கள். 2018இல் அது நவம்பர் 4. அங்கே அதிகாலை இரண்டு மணி, நமக்கு ஞாயிறு முற்பகல் பதினொன்றரை. போன் தானாக மாறிக்கொள்ளும், அதனால் அங்கே இருப்பவர்கள் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றே நினைப்பதில்லை. நம் நாட்டுக் கடிகாரம் மாறுவதே இல்லை, அதனால் நமக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. ஒன்பதரை என்பது ஒரே இரவில் பத்தரை ஆகிவிட்டது. திங்கள் காலை நான் ஆறு மணிக்குக் காத்திருந்தபோது அவருக்கு ஞாயிறு மாலை ஏழரைதான். துணி துவைக்கும் அறைக்குப் போயிருந்தார், போன் வீட்டில். அவர் வழக்கம்போல எட்டரைக்குக் கூப்பிட்டபோது எனக்கு ஏழு, நான் பாகுச் சட்டியோடு இருந்தேன். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு நான் பார்த்தபோது அவருக்குப் பதினொன்று, வேலை நேரம். பன்னிரண்டுக்கு அவர் எழுதியபோது என் போன் அணைந்திருந்தது. இரண்டு பேரும் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தோம். இரண்டு பேரும் ஏமாந்தோம்.

தீபாவளி மத்தாப்பு வெளிச்சத்தில் அவருக்கு முந்தின நாள் ராத்திரியே தீபாவளி ஆயிற்று. என் அண்ணன் பிள்ளைகள் போனை வாங்கிச் சங்குசக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள்.

அந்த வாரம் நான் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கோடு போட்டேன். சந்திக்கும் நேரத்தை யார் ஊர்க் கடிகாரத்தில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. அவருடைய எட்டரையை வைத்துக்கொண்டால் எனக்கு ஏழு மணி. ஏழு நாற்பது வேனுக்கு முன்னால் தலை பின்னி, டிபன் கட்டி, பேச என்ன மிஞ்சும்? அவருக்கோ ஏழரை என்பது சமையல் நேரம், ஆனால் அதைத் தள்ளிப்போடலாம். தள்ள முடியாத வேலை யாருக்கு இருக்கிறதோ அவர் ஊர்க் கடிகாரத்தில் கட்டுவது என்று தீர்மானித்தோம். காலை ஆறு மணி இந்திய நேரம், கோடையானாலும் குளிரானாலும் மாறாது. ராத்திரிப் பேச்சை விட்டுவிட்டோம். அவருடைய பன்னிரண்டு மணி எனக்குப் பத்தரை ஆகிவிட்டது, கண் விழித்துப் பேசினால் மறுநாள் வகுப்பில் தெரியும். அதற்குப் பதில் அவர் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு குரல் செய்தி அனுப்பிவைப்பார், நான் எழுந்தவுடன் கேட்பேன்.

இந்த ஏற்பாடு பழகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, கஜா வந்தது.

நவம்பர் 15 வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்கு, கரண்ட் இருக்கும்போதே அவருக்கு எழுதினேன். அங்கே காலை பத்தரை. "புயல் இன்னிக்கு ராத்திரி கரை ஏறுதுன்னு சொல்றாங்க. கரண்ட் போகும், டவரும் போகும். நீங்க அனுப்புறது ஒத்த டிக்கோட நிக்கும். பயப்படாதீங்க. திருச்சியில பெரியப்பா மகன் நம்பர் கீழே இருக்கு, அண்ணன் எப்படியும் வந்து பாத்துரும்." ஒற்றை டிக் என்றால் செய்தி இன்னும் என் போனுக்கு வந்து சேரவில்லை என்று மட்டும்தான் பொருள். அதை முன்பே சொல்லிவைத்தது எவ்வளவு நல்லது என்று பிறகு அவரே சொன்னார்.

நள்ளிரவுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரை கடந்தது. அது அவருக்கு வியாழன் பிற்பகல், வேலை நேரம். எங்கள் பக்கம் விடியும்வரை அடித்தது. அந்த ராத்திரியைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. காலையில் அப்பா தோப்புக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை பேசவில்லை. எங்களுக்கு இரண்டு ஏக்கர், 140 தென்னை. நின்றது 31.

சனிக்கிழமை பெரியப்பா மகன் மெழுகுவர்த்தியும் அரிசியுமாக, விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றி பைக்கில் வந்து சேர்ந்தார். திருச்சிக்குத் திரும்பிப் போய் அவருக்குத் தகவல் சொன்னார். எனக்கு அது தெரியாது. திங்கட்கிழமை தார்ப்பாய் வாங்க அப்பாவோடு தஞ்சாவூர் போனேன். ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றிய போன் கைப்பையில் இருந்தது. தஞ்சாவூரை நெருங்கும்போது அது அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கடையில் அப்பா தார்ப்பாயை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் படியில் உட்கார்ந்து படித்தேன்.

ஏழு செய்திகள். "எப்படி இருக்கீங்க?", "பதில் போடுங்க" என்று ஒன்றுகூட இல்லை. வியாழன் மாலை: "செய்தி பாத்துட்டே இருக்கேன். இதுக்குப் பதில் வேண்டாம். நான் பாட்டுக்கு எழுதிட்டு இருக்கேன்." வெள்ளிக்கிழமை எழுதியது இன்னும் என் போனில் இருக்கிறது. அவர்கள் ஆலையில் மணிக்கு ஒருமுறை, உள்ளே சின்ன இரும்புத் துண்டு வைத்த ஒரு பாக்கெட்டைக் கருவி வழியாக விட்டுப் பார்ப்பார்களாம். கருவி கண்டுபிடித்துத் தள்ளிவிட்டால் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். "இன்னிக்கு ஒரே பாக்கெட்டை மூணு தடவை விட்டிருக்கேன். விட்டது ஞாபகமே இல்ல. சூப்பர்வைசர் வந்து கேட்டார், ஊர்ல புயல்னு சொன்னேன். உக்காருன்னு நாற்காலி போட்டார்." சனிக்கிழமை: "அண்ணன் பேசினார். எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு சொன்னார். தோப்பைப் பத்தியும் சொன்னார். அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் கேக்காதீங்க." ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அனுப்பியது வெறும் படம். அதே பஸ் ஸ்டாப், கையுறை இல்லை. கீழே "எடுத்துட்டாங்க" என்று மட்டும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் போன் காட்டியது என் ஊர் நேரம். பத்தரையைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை ஏழரை, சமையலைத் தள்ளிப்போட்டுவிட்டு எழுதியிருக்கிறார். ராத்திரி பத்து நாற்பது என்றால் மத்தியான இடைவேளை. நான் இல்லாத நாளிலும் எங்கள் தாளில் இருந்த நேரத்துக்கு அவர் வந்து போயிருந்தார்.

தஞ்சாவூரில் அப்போது பகல் பதினொன்று. அவருக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கூப்பிட்டிருந்தால் எழுந்து பேசியிருப்பார். நான் கூப்பிடவில்லை. எழுந்தவுடன் கேட்கட்டும் என்று ஒன்றரை நிமிஷம் பேசி அனுப்பினேன்: மரக் கணக்கு, கூரை, அம்மாவின் கை வீக்கம், அப்பா இன்று காலை முதல் தடவையாகக் காபி கேட்டது. கடைசியில், நாலைந்து நாள் மறுபடி ஒற்றை டிக்தான், எழுதிக்கொண்டே இருங்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து அதைக் கேட்டபோது நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், டவர் இல்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பதினாறு நாள் ஆயிற்று. அதற்குள் நான்கு முறை சிக்னல் உள்ள இடத்துக்குப் போனேன், நான்கு முறையும் அவர் தூங்கிக்கொண்டோ வேலையிலோ இருந்தார். அந்த நாட்களில் நாங்கள் ஒரு தடவைகூட நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. இவரைக் கட்டிக்கொள்வது என்று நான் உறுதி செய்தது அந்தப் பதினாறு நாளில்தான்.

பொங்கலுக்கு வந்தார். பெண் பார்க்க வந்தவர் பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம், "மாமா, தோப்பைப் பாக்கலாமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் விழுந்த மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தார்கள். 2019 ஜூனில் கல்யாணம். விசா வரும்வரை மறுபடியும் அதே காலை ஆறு மணி.

இப்போது நான் மிசிசாகாவில் இருக்கிறேன், வலது பக்கத்துக் கோட்டில். இடது பக்கத்தில் அம்மா. அம்மாவுக்குக் காலை ஆறு மணி மாறாது, நான்தான் வருஷத்துக்கு இரண்டு முறை மாறிக்கொள்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறுக்கு முந்தின நாளே சொல்லிவிடுவேன்.

வெளிநாட்டு வரனோடு இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சம்பளமும் விசாவும் வீட்டார் கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றுவார்களா, மாற்றினால் எந்த ஞாயிற்றுக்கிழமை?